முற்பகலும் பிற்பகலும்: இருபத்து நான்கு மணிக் கணக்கின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

1876ஆம் ஆண்டின் கோடைகாலத்திலே ஒருநாட் பிற்பகல், அயர்லாந்தின் வடமேற்குக் கரையிலுள்ள பண்டோறன் என்னும் சிறு பட்டினத்தின் புகையிரத நிலையத்தில், கனடா நாட்டுப் பொறியியலாளர் ஒருவர் வண்டிக்காகக் காத்திருந்தார். அவர் நம்பி வந்த அச்சிட்ட நேர அட்டவணை, வண்டி 5.35 பீ.எம். மணிக்குப் புறப்படும் என்று கூறிற்று. குறித்த நேரம் வந்தது, வண்டி வரவில்லை. அந்த வண்டி உண்மையில் அன்று காலை 5.35 மணிக்கே போய்விட்டிருந்தது. ஏ.எம். என்று இருக்கவேண்டிய இடத்தில் பீ.எம். என்று அச்சாகியிருந்ததே காரணம். அன்றிரவை அவர் அவ்வூரிலேயே கழிக்க நேர்ந்தது.

வண்டியைத் தவறவிட்டவர் யாரோ ஒருவராயின் இந்நிகழ்ச்சி வரலாற்றில் இடம்பெற்றிராது. அவர் சான்ட்போர்ட் பிளெமிங். 1827இல் ஸ்கொத்லாந்தில் பிறந்து, இளமையிலேயே கனடாவுக்குக் குடிபெயர்ந்து, அந்நாட்டின் பெரும் புகையிரதப் பாதைகளுக்கு அளவை செய்தவர். கனடாவின் முதல் தபால் முத்திரையை வரைந்தவரும் அவரே. கண்டத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை இருப்புப்பாதை இடுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவரை ஒற்றை எழுத்தொன்று ஓர் இரவு முழுவதும் நிறுத்தி வைத்தது. அவ்வாண்டிலேயே அவர் நேரக் கணக்கீடு பற்றி ஒரு சிறு நூலை எழுதி வெளியிட்டார். உலகத்துக்கு ஒரு பொதுநேரம் வேண்டும் என்பது அந்நூலின் பெரிய கருத்து. அதனால்தான் வரலாற்றாசிரியர்கள் அவரை நியமநேரத்தின் தந்தையருள் ஒருவராகக் கொண்டாடுகின்றனர். ஆயின் அதே நூலில் மற்றொரு கருத்தும் உண்டு. நாளை இரண்டு பன்னிரண்டுகளாகப் பிரிக்கும் வழக்கத்தை ஒழித்து, மணிகளை ஒரே தொடராக எண்ணவேண்டும் என்பதே அது. நியமநேரத்தின் புகழில் மறைந்துபோன இந்த இரண்டாவது கருத்தே இங்கு ஆராயப்படுகின்றது.

பண்டோறனில் நேர்ந்த பிழையை முதலில் சற்று நுணுகி நோக்குதல் வேண்டும். அச்சுக்கோப்பவர் ஒரேயொரு எழுத்தையே மாற்றிக் கோத்தார். அச்சுப்படியைத் திருத்துபவரின் கண்ணில் அது படவில்லை. படுவதற்கு ஏதுவும் இல்லை. 5.35 ஏ.எம். என்பதும் நடக்கக்கூடிய நேரமே, 5.35 பீ.எம். என்பதும் நடக்கக்கூடிய நேரமே. சொல்லொன்றில் எழுத்து மாறினால் பெரும்பாலும் அச்சொல் பொருளற்றதாகிக் கண்ணை உறுத்தும். இங்கே எழுத்து மாறியபின்னும் முழுமையான, நம்பத்தக்க, ஆனாற் பன்னிரண்டு மணித்தியாலம் தவறான ஒரு நேரம் எஞ்சுகின்றது. மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாலன்றி இப்பிழையைக் கண்டுபிடிக்க வழியில்லை. பிழை நேரக்கூடிய முறை என்பதைவிட, நேர்ந்த பிழை தன்னைக் காட்டிக்கொடாத முறை என்பதே பன்னிரண்டு மணிக் கணக்கின் மேலுள்ள சரியான குற்றச்சாட்டு எனலாம்.

நேர அட்டவணையின் நிரல்களில் இக்குறை மேலும் தெளிவாகும். எடுத்துக்காட்டாக, இரவு 10.50க்குப் புறப்பட்டு மறுநாட் பிற்பகல் வரை ஓடும் ஒரு வண்டியை எண்ணிப் பார்க்கலாம். பன்னிரண்டு மணிக் கணக்கில் அதன் நிரல் மேலிருந்து கீழாக 10.50, 12.20, 1.45, 4.10, 6.05, 9.30, 12.15, 2.40 என்று செல்லும். ஒவ்வோர் எண்ணுக்கருகிலும் ஏ.எம்., பீ.எம். என அச்சிட இடமில்லாமையால், நிரலின் தலையிலும் மாறும் இடத்திலும் மட்டும் அவற்றை இடுவர். எண்களை மட்டும் பார்ப்பவருக்கு அவை இரண்டிடங்களிற் சிறுத்துவிடுவது தெரியும்: 12.20இன் பின் 1.45, 12.15இன் பின் 2.40. இவ்விரண்டில் எது நள்ளிரவு, எது நண்பகல் என்பதை எண்கள் கூறா. அதனினும் விந்தை ஒன்றுண்டு. நாள் உண்மையில் மாறியது 10.50க்கும் 12.20க்கும் இடையிலே, அவ்விடத்தில் எண் ஏறிச் செல்கின்றதேயன்றி இறங்கவில்லை. நாள் பன்னிரண்டில் மாறுகின்றது. எண்ணோ ஒன்றிலேதான் புதிதாகத் தொடங்குகின்றது. பன்னிரண்டு என்பது இம்முறையில் பூச்சியத்தின் வேலையைச் செய்துகொண்டு பூச்சியமல்லாத வேடம் பூண்டு நிற்கின்றது.

அதே வண்டியை இருபத்து நான்கு மணிக் கணக்கில் எழுதினால் 22.50, 0.20, 1.45, 4.10, 6.05, 9.30, 12.15, 14.40 என்றாகும். எண் ஒரேயோரிடத்தில் இறங்குகின்றது, அவ்விடமே நள்ளிரவு. அச்சுக்கோப்பவர் 14.40 என்பதை 4.40 என்று கோத்துவிட்டால், 12.15க்குக் கீழே ஒரு சிறிய எண் நிற்பது திருத்துபவரின் கண்ணை உடனே உறுத்தும். பயண நேரத்தைக் கணிப்பதும் எளிதாகும். 9.30க்கும் 14.40க்கும் இடையில் எவ்வளவு என்பதற்குக் கழித்தலொன்றே போதும். விடை 5 மணித்தியாலமும் 10 நிமிடமும். 9.30க்கும் 2.40க்கும் இடையில் எவ்வளவு என்று கேட்டால், கழிப்பதற்கு முன் இடையில் நண்பகலைக் கடந்தோமா என்று வினவவேண்டியுள்ளது.

இத்தகைய கணக்கு பிளெமிங்கின் கண்டுபிடிப்பன்று. வானியலாளர் மிகப் பழங்காலந்தொட்டே இருபத்து நான்கு வரை எண்ணி வந்தனர். கிறீனிச் வானோக்கு நிலையத்தின் வாயிலில் 1852இல் பொருத்தப்பட்ட மணிக்கூட்டின் முகம் இருபத்து நான்கு பிரிவுகளையுடையது. இத்தாலிய நகரங்களிற் பொதுமக்களே பல நூற்றாண்டுகளாக ஞாயிறு மறையும் வேளையிலிருந்து இருபத்து நான்கு மணிகளை எண்ணி வாழ்ந்தனர். 1786இல் இத்தாலிக்குச் சென்ற யேர்மானியப் புலவர் கேதே இக்கணக்கை விளங்கிக்கொள்வதற்கென ஒரு வரைபடமே வரைந்துகொண்டார். நமது பஞ்சாங்க மரபும் இவ்வகையினதே. ஞாயிறு எழுவதிலிருந்து அறுபது நாழிகைகள், நாழிகையொன்றுக்கு 24 நிமிடம் என ஒரே தொடராக நாள் எண்ணப்படுவதால், 32 நாழிகை என்றால் அது பகலா இரவா என்ற ஐயத்துக்கே இடமில்லை. இன்று நாம் வழங்கும் மு.ப., பி.ப. என்னும் குறியீடுகள் இலத்தீன் குறியீடுகளின் பெயர்ப்பாதலின், அவற்றின் குறையையும் உடன்கொண்டு வந்துவிட்டன. இரண்டும் ஓரெழுத்தாலேயே வேறுபடுகின்றன; அன்றியும் நள்ளிரவு கழிந்து இரண்டு மணியான வேளையை முற்பகல் 2 மணி என்று எழுதும்போது, இருளில் ஒரு பகலைக் காணவேண்டியதாகின்றது. பேச்சு வழக்கில் எவரும் அவ்வாறு கூறுவதில்லை. இரவு இரண்டு மணி, விடியப்புறம் நாலு மணி என்றே கூறுவர். பேச்சு வழக்கு இவ்விடயத்தில் அலுவலக வழக்கைவிடத் தெளிவானது.

பிளெமிங் முதலில் முன்வைத்த தீர்வு நாம் இன்று அறிந்த வடிவினதன்று. நாளின் இருபத்து நான்கு மணிகளுக்கும் ஆங்கில நெடுங்கணக்கின் இருபத்து நான்கு எழுத்துக்களைப் பெயராக இடவேண்டும் என்று அவர் கருதினார். உலகமெங்கும் ஒரே கணத்தில் ஓடும் பொதுநேரம் எழுத்தாலும், அவ்வவ்வூரின் உள்ளூர் நேரம் எண்ணாலும் குறிக்கப்படின், இரண்டையும் ஒருவரும் மயங்கார் என்பது அவரது எண்ணம். எழுத்தும் எண்ணும் ஒருங்கே பொறித்த பைக்கடிகாரமொன்றையும் அவர் செய்வித்தார். மயக்கத்தை நீக்கவேண்டுமென்ற வேட்கை ஒருவரை எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்கு அக்கடிகாரம் சான்றாகும். எழுத்துக்களை ஏற்பார் இல்லை, எண்களே நிலைத்தன.

1884ஆம் ஆண்டு அக்டோபரில் இருபத்தைந்து நாடுகளின் பேராளர்கள் வாசிங்டனிற் கூடினர். கிறீனிச் நெட்டாங்கை உலகத்தின் தொடக்க நெட்டாங்காக ஏற்ற மாநாடு அதுவே. கனடாவின் சார்பில், பிரித்தானியப் பேராளருள் ஒருவராகப் பிளெமிங்கும் அங்கிருந்தார். அம்மாநாட்டின் தீர்மானங்களுள் ஒன்று, உலகப் பொதுநாள் தொடக்க நெட்டாங்கின் நள்ளிரவிலே தொடங்கிப் பூச்சியம் முதல் இருபத்து நான்கு மணி வரை எண்ணப்படவேண்டும் என்பது. ஆயினும் இப்பொதுநாள் உள்ளூர் நேர வழக்குக்கு இடையூறாகாது என்றும் பேராளர்கள் சேர்த்துக்கொண்டனர். ஆகவே மக்களின் சுவர்க்கடிகாரங்களை அத்தீர்மானம் தீண்டவில்லை. வானியலாளரும் உடனே இணங்கிவிடவில்லை. ஓரிரவின் அவதானிப்புகள் இரு தேதிகளிற் பிரிந்துவிடாதிருக்கும் பொருட்டு, அவர்கள் நாளை நண்பகலிலே தொடங்கி வந்தனர். அவ்வழக்கு 1925 வரை நீடித்தது.

மாநாட்டுத் தீர்மானம் செய்யாததை ஒரு புகையிரதக் கம்பனி செய்தது. கனேடிய பசிபிக் புகையிரதக் கம்பனியின் பணிப்பாளருள் பிளெமிங்கும் ஒருவர். 1885 நவம்பர் 7ஆந் திகதி அப்பாதையின் இறுதி ஆணி அறையப்பட்டபோது எடுக்கப்பட்ட புகழ்பெற்ற நிழற்படத்தில், நீண்ட வெண்டாடியுடன் நடுவில் உயர்ந்து நிற்பவர் அவரே. 1886 யூன் 28ஆந் திகதி மொன்றியலிலிருந்து புறப்பட்ட முதற் பயணிகள் வண்டி யூலை 4ஆந் திகதி பசிபிக் கரையிலுள்ள போர்ட் மூடியை அடைந்தது. அவ்வாண்டிலேயே கம்பனி வினிப்பெக் நகருக்கு மேற்கேயுள்ள தன் பாதையில் இருபத்து நான்கு மணிக் கணக்கைப் புகுத்தியது. மேற்குப் பகுதி தேர்ந்தெடுக்கப்பட்டமை தற்செயலன்று என்றே கொள்ளவேண்டும். அங்கே ஊர்கள் பாதையோடு சேர்ந்தே தோன்றின. பழைய வழக்கத்தை விடுமாறு யாரையும் வற்புறுத்தவேண்டியதில்லை. பல நாட்கள் இரவு பகலாக ஓடும் வண்டியின் அட்டவணையிலேதான் ஏ.எம்., பீ.எம். மயக்கம் மிகுதியாக நேரும் என்பதும் கருதத்தக்கது.

இதே காலத்தில் எல்லைக்குத் தெற்கே, ஐக்கிய அமெரிக்காவின் புகையிரதக் கம்பனிகள் வேறொரு வழியை நாடின. அவை எண்களை மாற்றவில்லை. எழுத்தின் கனத்தை மாற்றின. முற்பகல் நேரங்கள் மெல்லிய அச்சிலும் பிற்பகல் நேரங்கள் தடித்த அச்சிலும் இடப்பட்டன. கடிகாரத்தில் எதனையும் மாற்றவேண்டியதில்லை. பயணி புதிதாக எதனையும் கற்கவேண்டியதில்லை. நிரலை ஒரு நோட்டம் விட்டாலே பகலின் பிற்பாதி எங்கே தொடங்குகின்றது என்பது கண்ணுக்குப் புலனாகும். அச்சுக்கலைஞரின் கெட்டித்தனம் இதில் வெளிப்படுகின்றது என்பதை மறுப்பதற்கில்லை. யேர்மானிய அட்டவணைகளிலும் இதை ஒத்த ஒரு முறை இருந்தது. மாலை 6.00 முதல் காலை 5.59 வரையான இரவு நேரங்களில் நிமிட எண்களின் கீழே ஒரு கோடிடுவர். இது நண்பகலை எல்லையாகக் கொள்ளாது இருளையும் ஒளியையும் எல்லையாகக் கொண்டமையால், மக்களின் மனவழக்குக்கு இன்னும் நெருங்கியதாயிருந்தது. கோடிட்ட 12.20 நள்ளிரவு கழிந்த வேளை, கோடிடாத 12.20 நண்பகல் கழிந்த வேளை. பன்னிரண்டின் குழப்பமும் இவ்வாறு தீர்ந்தது.

ஆயின் இவ்விரு முறைகளுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. நேரத்தை வேறுபடுத்தும் அடையாளம் எண்ணுக்கு வெளியே நிற்கின்றது. அட்டவணையைப் பார்த்து ஒரு துண்டுக் கடதாசியில் 7.15 என்று குறித்துக்கொண்டு செல்பவர், தடித்த அச்சைத் தம்மோடு கொண்டுசெல்வதில்லை. தந்திக்கம்பியில் தடித்த எழுத்து என்று ஒன்றில்லை. தட்டச்சுப் பொறியிலும் அது அரிது. வாயாற் சொல்லும்போதோ கோடும் கனமும் முற்றாக மறைந்துவிடும். மலிந்த தாளில் மை பரவினால் மெலிந்த எண்ணும் தடித்துத் தோன்றும். நிரலில் அருகேயுள்ள எண்களோடு ஒப்பிட்டாலன்றித் தனியொரு எண் மெலிந்ததா தடித்ததா என்று துணிவதும் கடினம். 17.35 என்பதோ கடதாசியில் எழுதினும், தந்தியில் அனுப்பினும், வாயாற் கூறினும் 17.35 ஆகவே சென்றடையும். தன் அடையாளத்தைத் தன்னுள்ளேயே சுமந்து செல்வது அதன் வலிமை.

இவ்வலிமையை முதலில் முழுமையாக உணர்ந்தவர்கள் படையினரே. முதலாம் உலகப் போரில் கட்டளைகள் தந்தியாலும் தொலைபேசியாலும் தூதுவராலும் கைமாறிக் கைமாறிச் சென்றன. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஓரெழுத்து தவறுதல் எளிது. காலை ஐந்தரைக்கு நடக்கவேண்டிய தாக்குதலை மாலை ஐந்தரைக்கென விளங்கிக்கொண்டால், விளைவு பண்டோறன் நிலையத்தில் ஓரிரவு தங்குவதோடு முடியாது. பிரித்தானியக் கடற்படை 1915இலும் தரைப்படை 1918இலும் இருபத்து நான்கு மணிக் கணக்கை ஏற்றன. அமெரிக்கக் கடற்படை 1920இலும் தரைப்படை 1942இலும் அதனைப் பின்பற்றின. படையினர் புள்ளியை நீக்கி எப்போதும் நான்கு இலக்கங்களில் எழுதினர்: 0530, 1730. முன்னுள்ள பூச்சியம் அலங்காரமன்று. 530 என்று மூன்று இலக்கங்கள் மட்டும் வந்துசேர்ந்தால், ஓரிலக்கம் வழியில் விழுந்துவிட்டது என்பதைப் பெறுபவர் உடனே அறிந்து மீண்டும் வினவுவார். நள்ளிரவைக் குறிப்பதிலும் அவர்கள் எச்சரிக்கையாயிருந்தனர். எந்நாளின் நள்ளிரவு என்ற ஐயம் எழாதவாறு 2359 அல்லது 0001 என்று எழுதுவதையே விரும்பினர்.

ஐரோப்பியப் பெருநிலத்தில் அரசுகளே முன்வந்தன. இத்தாலி 1893 நவம்பர் முதலாந் திகதி தன் புகையிரதங்களில் இக்கணக்கைப் புகுத்தியது. பழைய இத்தாலிய மணிகளின் நினைவு அங்கு முற்றாக அழிந்துவிடாமையும் இதற்குத் துணைசெய்திருக்கலாம். 1897இல் பெல்ஜியமும் 1912இல் பிரான்சும் தொடர்ந்தன. யேர்மனி 1927 மே 15ஆந் திகதி கீழ்க்கோட்டு முறையைக் கைவிட்டது. நிலையங்களின் மணிக்கூடுகளை மாற்றவேண்டிய பெருஞ்செலவு நேருமென அஞ்சியவர்களுக்கு எளிய விடை கிடைத்தது. பழைய முகத்திலே 1 முதல் 12 வரையுள்ள வட்டத்தின் உள்ளே 13 முதல் 24 வரை மற்றொரு வட்டத்தைத் தீட்டினாற் போதும்; முட்கள் முன்போலவே நாளுக்கு இருமுறை சுற்றிவரும்.

பிரித்தானியாவில் நிகழ்ந்ததே வேறு. அதன் படைகள் ஏற்றதை அதன் மக்கள் ஏற்கவில்லை. அங்கு எழுந்த மறுப்புரைகளைச் சிரித்து ஒதுக்கிவிடுதல் முறையன்று. கோபுர மணிக்கூடு இருபத்து நான்கு முறை அடிக்கவேண்டுமோ என்று கேட்டனர். பன்னிரண்டு மணிக் கணக்கில் ஒரு நாளில் அது 156 முறை அடிக்கின்றது. இருபத்து நான்கு வரை அடிப்பதாயின் 300 முறை. நள்ளிரவை அண்டிய வேளையிலே, அதாவது ஊர் உறங்கும்போதே, அடிகள் மிகுதியாகும். இதற்கு ஒருவரும் விடை காணவில்லை. விடை வேண்டியதாகவும் இருக்கவில்லை, ஏனெனில் இக்கணக்கை ஏற்ற நாடுகளிலும் கோபுரங்கள் பழையபடி பன்னிரண்டோடு நின்றுகொண்டன. இதைவிட ஆழமான மறுப்பு ஒன்றுண்டு. மக்கள் நேரத்தை எண்ணாக அறிவதில்லை. முட்கள் நிற்கும் தோற்றமாக அறிகின்றனர். மாலைத் தேநீர் வேளை நான்கு மணி என்பது ஒரு தோற்றம், ஒரு பழக்கம், ஒரு சொல். பதினாறு மணி என்பது அவர்களுக்கு ஒரு கணக்கு மட்டுமே.

1934ஆம் ஆண்டு ஏப்ரலில் பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் இதனைச் சோதித்துப் பார்த்தது. வானொலி அறிவிப்புகளிலும் நிகழ்ச்சி நிரலிலும் இருபத்து நான்கு மணிக் கணக்கே கையாளப்பட்டது. பொதுமக்களின் ஆதரவு போதியதாகக் காணப்படாமையால் ஆகஸ்டில் அச்சோதனை கைவிடப்பட்டது. இதன் காரணத்தை ஆராய்வது பயனுடையது. வானொலி கேட்பவர் தம் வீட்டில், தம் கடிகாரத்தின் முன்னே இருக்கின்றார். நிகழ்ச்சி மாலையிலா காலையிலா என்ற ஐயம் அவருக்கு ஒருபோதும் எழுவதில்லை. இல்லாத ஐயத்தை நீக்குவதற்காக அவர் ஒவ்வொரு முறையும் பன்னிரண்டைக் கழிக்கவேண்டியிருந்தது. அக்கழித்தலிலும் ஒரு பொறி உண்டு. 17 என்ற எண்ணைக் கண்டதும் அதன் ஈற்றிலக்கத்தைப் பற்றிக்கொண்டு ஏழு மணி என்று எண்ணிவிடுதல் மிக இயல்பான பிழை. பன்னிரண்டுக்குப் பதிலாகப் பத்தைக் கழிப்பதால் நேர்வது அது. இருபத்து நான்கு மணிக் கணக்கு பிழையற்றது என்று அதன் ஆதரவாளர் கூறுவது முற்றிலும் உண்மையன்று. பன்னிரண்டு மணித்தியாலப் பிழையை நீக்கி, இரண்டு மணித்தியாலப் பிழைக்கு அது இடங்கொடுக்கின்றது. பழகியவருக்கு இப்பிழை நேராது. பழகாதவருக்கு அது வண்டியைத் தவறவிடப் போதுமானது.

ஆகவே எக்கணக்கு சிறந்தது என்ற வினாவுக்கு இடத்தை நோக்கியே விடை கூறவேண்டும். நேரம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தனியே பயணஞ்செய்யும் இடங்களில், அதாவது அட்டவணையிலும் தந்தியிலும் கட்டளையிலும் மருந்து கொடுக்கும் குறிப்பிலும், இருபத்து நான்கு மணிக் கணக்கே பொருந்தும். சூழ்நிலை கூடவே நிற்கும் இடங்களிற் பன்னிரண்டு மணிக் கணக்கால் தீங்கில்லை. பன்னிரண்டையே வைத்துக்கொள்வதாயின், பகற்பொழுதின் பெயரையும் உடன் எழுதுதல் பாதுகாப்பானது. விடியற்காலை 5.35, மாலை 5.35 என்னும் இரண்டில் ஓரெழுத்துப் பிழையால் ஒன்று மற்றொன்றாகிவிடாது. இப்பயன் மு.ப., பி.ப. என்பவற்றுக்கு இல்லை.

எவ்வகையாலும் எளிதில் தீராத ஓரிடம் பன்னிரண்டு மணியே. ஏ.எம். என்பது நண்பகலுக்கு முன், பீ.எம். என்பது நண்பகலுக்குப் பின் எனப் பொருள்படும் இலத்தீன் தொடர்களின் சுருக்கம். நண்பகல் தனக்கே முன்னுமன்று, பின்னுமன்று. நள்ளிரவோ ஒரு நண்பகலுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் பின்னும், அடுத்த நண்பகலுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் முன்னும் நிற்பது; சொற்பொருளின்படி இரு குறிகளும் அதற்குப் பொருந்தும். ஐக்கிய அமெரிக்க அரசாங்க அச்சகத்தின் நடைக்கையேடு 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் 12 பீ.எம். என்பதை நள்ளிரவுக்கு விதித்தது. 2008ஆம் ஆண்டுப் பதிப்பில் அதே குறியை நண்பகலுக்கு விதித்தது. ஓர் அரசாங்கத்தின் ஒரே கையேடு எட்டாண்டுகளில் பன்னிரண்டு மணித்தியாலத்தால் மாறியதென்றால், தனிமனிதர் மயங்குவதில் வியப்பில்லை. அமெரிக்கப் புகையிரதக் கம்பனிகளும் ஒப்பந்தம் எழுதுவோரும் 12.01 அல்லது 11.59 என்று எழுதி இச்சிக்கலை ஒரு நிமிடத்தால் தாண்டினர். 12 நண்பகல், 12 நள்ளிரவு என்று சொல்லாலேயே எழுதுவது இன்னும் நன்று. நள்ளிரவாயின் இரு தேதிகளையும் குறித்துவிட வேண்டும்.

இருபத்து நான்கு மணிக் கணக்கும் நள்ளிரவில் இரு பெயர் கொள்கின்றது: 24.00, 0.00. ஆனால் இங்கே இரட்டைப் பெயர் குழப்பமாகாது பயனாகவே அமைந்தது. ஐரோப்பிய அட்டவணைகளில் நள்ளிரவிற் சென்றடையும் வண்டிக்கு 24.00 என்றும், அதே கணத்திற் புறப்படும் வண்டிக்கு 0.00 என்றும் எழுதுவதுண்டு. முன்னது முடியும் நாளுக்கும் பின்னது தொடங்கும் நாளுக்கும் உரியன. சர்வதேச நியம நிறுவனம் 1988இல் வெளியிட்ட தேதி நேர நியமம் இவ்விரண்டையும் ஏற்றது; 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 24.00ஐ நீக்கியது; 2022இல் வெளிவந்த மற்றொரு திருத்தம் அதனை மீண்டும் சேர்த்தது.

பிரித்தானியப் புகையிரதங்கள் 1964ஆம் ஆண்டுக் கோடைகால அட்டவணையிலேதான் இருபத்து நான்கு மணிக் கணக்குக்கு மாறின. பிளெமிங் இறந்து அப்போது 49 ஆண்டுகள் கழிந்திருந்தன. பண்டோறனுக்குச் சென்ற கிளைப்பாதை அதற்கு ஏழாண்டுகளுக்கு முன்னரே, 1957இல், மூடப்பட்டுவிட்டது. அங்கிருந்து காலையிலோ மாலையிலோ புறப்படும் வண்டி எதுவும் அதன்பின் இருக்கவில்லை.